புதுப்பிப்பு: எழுத்துப்படியில் எங்கே முதலில் மெய்ப்புப் பார்ப்பது?

முன்பு நான் கேட்டது: “பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் ஒவ்வொரு சொல்லுக்கும் நம்பக மதிப்பெண் தருகிறது. நீண்ட நேர்காணலில் எந்த வாக்கியங்களை முதலில் திருத்துவது?”

வாக்கியத்தின் சராசரி போதும் என்றார் ஒருவர். பாதிதான் சரி. என் கோப்பில் 12 சொற்கள் கொண்ட ஒரு வாக்கியத்தில் 11 சொற்களுக்கு 0.97, ஓர் ஆளின் பெயருக்கு மட்டும் 0.31. சராசரி 0.915 என்பதால் அது வரிசையின் அடியில் பதுங்கிக்கொண்டது. பெயரோ முழுத் தவறு. இப்போது ஒவ்வொரு வாக்கியத்தின் மிகக் குறைந்த மதிப்பெண்ணை வைத்து வரிசைப்படுத்துகிறேன். “ம்”, “ஆங்” போன்றவையும் முண்டியடித்து மேலே வந்ததால் அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதே வேலையில் ஊறிய ஒருவர் சொன்னதுதான் பெரிய உதவி: “விடுபட்ட சொல்லுக்கு மதிப்பெண்ணே கிடையாது. ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்க 2 விநாடிக்கு மேல் ஆனால் அந்த இடத்தைக் கேளுங்கள்.” கேட்டேன். பெரும்பாலும் வெறும் மௌனம். ஓரிடத்தில் ஒரு கேள்வியே முழுதாகக் காணவில்லை.

 

தீராத சிக்கல் ஒன்று உண்டு. “முடியாது” என்று பேசியது “முடியும்” என்று 0.96 மதிப்பெண்ணோடு விழுந்திருந்தது. எனவே உயர்ந்த மதிப்பெண் பெற்ற வாக்கியங்களிலும் சிலவற்றைக் குலுக்கலில் எடுத்துக் கேட்கிறேன். எத்தனை எடுத்தால் போதும் என்பதில் இங்கே இன்னும் ஒத்த கருத்து இல்லை.