விலைமாற்றும் ஸ்கிரிப்ட் அடக்க விலைக்குக் கீழே விற்காதிருக்க: வரம்புகள் குறித்த அனுபவங்கள்

தொடங்கியவர் (கணக்கு சரிபார்ப்பவர்)

இணையச் சந்தைத் தளங்களில் விற்கும் சிறு கடைகளுக்கு மாதாந்திரக் கணக்கு பார்ப்பது என் தொழில். அண்மையில் ஒரு கடையின் செட்டில்மென்ட் அறிக்கையைப் பார்த்தபோது, ஒரே பொருளின் ஆர்டர்கள் அனைத்தும் சரியாக 620 என்ற விலையில் போயிருந்ததைக் கவனித்தேன். அதே நேரத்தில் போட்டியாளர் அதே பொருளை 560க்கு விற்றுக்கொண்டிருந்தார். போட்டியாளரைப் பார்த்து விலையைக் குறைக்கும் ஸ்கிரிப்ட் ஏன் 620இல் அசையாமல் நின்றது என்ற கேள்விதான் என்னைப் பதிவுக் கோப்பு வரை கொண்டுபோனது.

பழைய சரக்கின் அடக்கம் ஒன்றுக்கு 400. பேக்கிங் 20, கூரியர் 60, தளத்தின் நிலையான கட்டணம் 20. ஆக மொத்தம் 500. தளத்தின் கமிஷன் விற்பனை விலையில் 15 விழுக்காடு. ஆகவே நஷ்டமில்லாமல் விற்கக்கூடிய மிகக் குறைந்த விலையான கீழ்வரம்பு 500 ÷ 0.85, அதாவது 588.24. மேல்வரம்பாக 620ஐ எப்போதோ ஒரு விரிதாளில் எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு புதிய சரக்கு 450க்கு வந்தது. கீழ்வரம்பு தானாகவே 647.06க்கு உயர்ந்தது, மேல்வரம்பை யாரும் தொடவில்லை. ஸ்கிரிப்டில் இருந்த வரி இதுதான்:

```python
price = min(max(target, floor), ceiling)
```

போட்டியாளரைப் பார்த்து வரும் `target` விலையை உள்ளே இருக்கும் `max` 647.06க்கு ஏற்றுகிறது, வெளியே இருக்கும் `min` அதை மீண்டும் 620க்கு இறக்கிவிடுகிறது. 620இல் கமிஷன் போக 527 கைக்கு வருகிறது; செலவோ 550. ஒவ்வொரு ஆர்டருக்கும் 23 நஷ்டம். கீழ்வரம்பு சரியாகக் கணக்கிடப்பட்டிருந்தும், மேல்வரம்புதான் அந்தப் பொருளை நஷ்டத்துக்கு விற்றது. இரண்டு வரம்புகளும் ஒன்றையொன்று தாண்டிப்போன நிலையை வேறு யாரேனும் எதிர்கொண்டிருந்தால், எப்படிக் கையாண்டீர்கள் என்று பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மின்சாதன விற்பனையாளர்

என் அனுபவத்தில் கீழ்வரம்பை இவ்வளவு சிக்கலாக்கத் தேவையில்லை. பொருளின் விலையை மட்டும் போடாமல் பேக்கிங், கூரியர், நிலையான கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது அதைத்தான். அதன் பிறகு கமிஷன் 15 விழுக்காடு என்றால், கூட்டிய தொகையை 1.15ஆல் பெருக்கினால் போதும். உங்கள் 500க்கு 575 வரும். நான் நெடுநாளாக இப்படித்தான் செய்கிறேன்.

தொடங்கியவர்

கூட்டுவது சரி, பெருக்குவதில்தான் பிழை இருக்கிறது. தளம் 15 விழுக்காட்டை உங்கள் செலவின் மேல் எடுப்பதில்லை, விற்கும் விலையின் மேல் எடுக்கிறது. 575க்கு விற்றால் கமிஷன் 86.25 போய் 488.75 வரும், 11.25 குறைகிறது. போட்டி குறைவாக இருந்து விலை வரம்பைத் தொடாமல் மேலேயே நின்றால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது. ஒரு விலைச் சண்டை தொடங்கி, ஸ்கிரிப்ட் உண்மையில் 575இல் போய் நின்ற நாளில்தான் தெரியும். உங்கள் அறிக்கையில் வரம்பு விலையிலேயே நடந்த ஆர்டர்களை மட்டும் பிரித்து எடுத்துப் பாருங்கள்.

பழைய புத்தக விற்பனையாளர்

நான் செய்வது மிக எளிது: மற்றவர்களின் மிகக் குறைந்த விலையைவிட ஒன்று குறைவாக வைக்கச் சொல்லிவிட்டேன். சில மிக அரிய நூல்களுக்கு மட்டும் மற்றவரைவிடக் கால் பங்கு கூடுதலாக வைக்கிறேன். இதில் வரம்பு எதற்கு என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நிரலாளர்

ஐயா, நீங்கள் சொல்வது எந்த விலையை நோக்கிப் போக வேண்டும் என்ற விதி. இங்கே பேசப்படுவது எங்கே நிற்க வேண்டும் என்ற விதி. உங்கள் துறையிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2011இல் ஓர் உயிரியல் நூலை இரண்டு விற்பனையாளர்கள் பட்டியலிட்டிருந்தனர். ஒருவருடைய ஸ்கிரிப்ட் மற்றவர் விலையை 0.9983ஆல் பெருக்கியது; மற்றவருடையது எதிராளியின் விலையை 1.270589ஆல் பெருக்கியது. இரண்டிலும் மேல்வரம்பு செயல்படவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் விலை ஏறத்தாழ 27 விழுக்காடு உயர்ந்து, அந்த ஏப்ரலில் 23,698,655.93 டாலர் வரை சென்றது. இரண்டு பெருக்கங்களும் 1க்குக் கீழே இருந்திருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் விலை சரிந்திருக்கும். அப்போது யாரேனும் உடனே வாங்கியும் இருப்பார்கள்.

தொடங்கியவரின் கேள்விக்கு வருகிறேன். `max(min(target, ceiling), floor)` என்று வரிசையை மாற்றினால், வரம்புகள் குறுக்கிட்டாலும் கீழ்வரம்பே வெல்லும். ஆனால் அதை மட்டும் செய்துவிட்டு நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். கீழ்வரம்பு மேல்வரம்பைத் தாண்டியிருக்கிறது என்றால், இரண்டில் ஏதோ ஒரு எண் தவறு அல்லது பழையது. எது என்று ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அது விலையை மாற்றாமல் நின்று, ஆளுக்குச் செய்தி அனுப்ப வேண்டும்.

நான் நேரில் கண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு கடையில் அடக்க விலைகள் விரிதாளிலிருந்து பைத்தானின் பாண்டாஸ் நூலகம் மூலம் படிக்கப்பட்டன. சில வரிகளில் அடக்க விலை காலியாக இருந்தது. காலிக் கட்டம் எண் அல்ல என்பதைக் குறிக்கும் `nan` ஆக வரும். அதைக் கொண்டு கணக்கிட்ட கீழ்வரம்பும் `nan` ஆகும். பைத்தானில் `max(520, float('nan'))` என்று எழுதினால் விடை 520. பிழைச் செய்தி எதுவும் வராது. கீழ்வரம்பு இருந்த இடமே தெரியாமல் போய்விடும். `if price < floor` என்ற சோதனையும் உதவாது, ஏனென்றால் `nan` உடன் செய்யும் அந்த ஒப்பீடு எப்போதும் பொய் என்றே முடியும். காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக நிரப்புவது அதைவிட மோசம். மேலே சொன்ன பொருளுக்கு அடக்கம் 0 என்றால், மற்ற செலவுகள் 100 இருப்பதால் கீழ்வரம்பு 117.65 என்று வரும். அது நேர்மறை எண், மேல்வரம்புக்கும் கீழே இருக்கிறது, பார்வைக்கு ஒழுங்கான எண்ணாகவே தெரியும். அதனால் நான் கீழ்வரம்பை மட்டும் சோதிக்காமல் அடக்க விலையையே சோதிக்கிறேன்:

```python
if not (cost > 0 and floor <= ceiling):
    raise ValueError(sku)
```

`cost <= 0` என்றால் நிறுத்து என்று எழுதாமல், `cost > 0` என்பது மெய்யாக இல்லாவிட்டால் நிறுத்து என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். இந்த வடிவத்தில் `nan` வந்தாலும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். ஒரு பொருளில் நின்றால் மற்ற பொருட்களின் ஓட்டமும் தடைபடாதபடி, அந்தப் பிழையை ஒவ்வொரு பொருளுக்கும் தனியாகப் பிடித்துக்கொள்வது நல்லது.

முழு எண்ணாக்குவதையும் வரம்புக்குப் பிறகு செய்யாதீர்கள். 588.24ஐ வரம்பாக வைத்துவிட்டு, விலை 9இல் முடிய வேண்டும் என்று கீழ்நோக்கி 579க்குக் கொண்டுபோன ஸ்கிரிப்டைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒவ்வொரு விற்பனையிலும் 7.85 நஷ்டம். தளத்துக்கு அனுப்பும் வரிக்கு நேர் மேலே கடைசிச் சோதனை இருக்க வேண்டும்.

கைவினைப்பொருள் விற்பவர்

என் நிலை சற்று வேறு. கேள்விக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை. எங்கள் ஸ்கிரிப்டில் வரம்பு, வரிசை எல்லாம் சரியாகவே இருந்தன. ஆயினும் ஒரு பண்டிகைக் கால விற்பனையில் வரம்புக்குக் கீழே பணம் வந்தது. பட்டியல் விலை கீழ்வரம்பில் நின்றுகொண்டிருந்தபோது, அதன் மேல் 10 விழுக்காடு கூப்பனும் ஓடிக்கொண்டிருந்தது என்பதே காரணம். கூப்பன் தளத்தின் விளம்பரப் பக்கத்தில் இடப்படுகிறது. ஸ்கிரிப்டோ பட்டியல் விலையை மட்டுமே அறியும்.

இப்போது கூப்பன் தொடங்கும் நாளிலேயே கீழ்வரம்பையும் உயர்த்துகிறோம். வாடிக்கையாளர் குறைந்தது 588.24 செலுத்த வேண்டும் என்றால், பட்டியல் விலை அதை 0.9ஆல் வகுத்த 653.60க்குக் கீழே இறங்கக் கூடாது. ஆனால் இதை ஆள்தான் நினைவில் வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டு சலுகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் தளங்களில் என்ன செய்வது என்பதற்கு எங்களிடம் இன்னும் விடை இல்லை.

தொடங்கியவர்

நிச்சயம் பொருந்துகிறது, என் பட்டியலில் இல்லாத வழி அது. வாடிக்கையாளர் செலுத்திய தொகையைக் கொண்டு தினமும் ஒரு முறை ஒப்பிட்டால்தான் அது பிடிபடும் என்று நினைக்கிறேன்.

வரம்புகள் குறுக்கிடாமல் இருக்க, மேல்வரம்பையும் கீழ்வரம்பிலிருந்தே கணக்கிட்டுவிடலாமா என்று யோசித்துவருகிறேன். உதாரணமாகக் கீழ்வரம்பின் 1.4 மடங்கு என்று வைத்தால், 647.06க்கு 905.88 வரும், அடக்கம் மாறும்போதெல்லாம் இரண்டும் சேர்ந்தே நகரும்.

மின்சாதன விற்பனையாளர்

வரம்பிலேயே போன ஆர்டர்களைப் பிரித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன குறைவு அப்படியே இருக்கிறது. இன்றே வகுத்தலுக்கு மாற்றுகிறேன். மேல்வரம்பு குறித்த உங்கள் யோசனையும் எனக்குப் பிடித்திருக்கிறது. யாரும் தொடாத விரிதாள் எண்ணை நம்பி இருப்பதைவிட அது மேல்.

நிரலாளர்

இதில் நான் மாறுபடுகிறேன். தனியாக எழுதப்பட்ட மேல்வரம்பு பழசாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அது அடக்க விலையைச் சாராமல் நிற்பதால்தான் அதற்குச் சாட்சி சொல்லும் வலிமை இருக்கிறது. யாரேனும் 450க்குப் பதிலாக 4500 என்று தட்டிவிட்டால், கீழ்வரம்பு 5411.76 ஆகும், தனி மேல்வரம்பு இருந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும். 1.4 மடங்கு விதியில் மேல்வரம்பும் கூடவே உயர்ந்து, பொருள் யாரும் வாங்காத விலையில் சத்தமின்றிக் கிடக்கும். நஷ்டத்துக்கு விற்காது என்பது மெய்; விற்கவே விற்காது.

தொடங்கியவர்

ஏற்கிறேன், ஆனால் மறுபக்கத் தட்டச்சுப் பிழையைத் தனி மேல்வரம்பும் பிடிக்காதே. 450 என்பது 45 ஆகிவிட்டால் கீழ்வரம்பு 170.59 ஆகும். அடக்கம் பூஜ்யத்துக்கு மேல், கீழ்வரம்பு மேல்வரம்புக்குக் கீழ்; உங்கள் சோதனை அதை விட்டுவிடும். நாம் உண்மையில் அஞ்ச வேண்டிய திசை அதுதான்.

நிரலாளர்

சரியான கேள்வி. அந்தத் திசைக்கு நான் முந்தைய அடக்க விலையைச் சேமித்து வைத்து ஒப்பிடுகிறேன். புதிய எண் பழையதைவிட 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால், ஓர் ஆள் ஒப்புதல் தரும்வரை பழைய கீழ்வரம்பே நீடிக்கும். 30 என்பது என் கடைகளின் கொள்முதலைப் பார்த்து நான் தேர்ந்த எண். விலை அதிகம் ஆடும் பொருட்களுக்கு அது இறுக்கமாக இருக்கும். புதிதாகச் சேர்க்கும் பொருளுக்கு முந்தைய விலை என்று ஒன்று இல்லை. அங்கே மட்டும் முதல் கொள்முதல் ரசீதைப் பார்த்து இருவர் சரிபார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அதைவிட நல்ல வழி எனக்கு இதுவரை அகப்படவில்லை.