‘2 லேயர்’, ‘3 லேயர்’ மழைச்சட்டை: தமிழில் என்ன சொல்லலாம்?

அனுப்புநர்: அமுதா

வணக்கம். ஆகஸ்டில் உத்தராகண்டின் பூப்பள்ளத்தாக்குக்குப் போகிறவர்களுக்காக ஒரு கையேடு தொகுக்கிறேன். மழைச்சட்டைகளை 2 லேயர், 3 லேயர் என்று பிரித்து விற்கிறார்கள். ஈரடுக்கு, மூவடுக்கு என்று எழுதிவிடலாமா? எது காசுக்குத் தகும் என்றும் ஓரிரு வரி சொல்ல வேண்டும்.

அனுப்புநர்: குமரேசன்

அமுதா, மூவடுக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதானே. உடம்போடு ஒரு பனியன், மேலே கம்பளி, அதற்கும் மேலே மழைச்சட்டை. குளிர் மலைக்கு மூன்றும் வேண்டும். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

அனுப்புநர்: நசீர்

குமரேசன் ஐயா, நீங்கள் சொல்வது உடுத்தும் முறை. அமுதா கேட்பது ஒரே சட்டையின் துணியைப் பற்றி. உங்களுக்கே குழம்புகிறது என்றால் வாசகருக்கும் குழம்பும். அதனால் ‘அடுக்கு’ வேண்டாம் என்பேன்.

அனுப்புநர்: பத்மா

நான் 2 லேயர் என்று வாங்கியதில் மூன்று துணி இருக்கிறதே! வெளியே நைலான், அதன் முதுகில் வெள்ளையாக ஏதோ பூச்சு, உள்ளே வலைத்துணி. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா, இல்லை எனக்கு லாபமா?

அனுப்புநர்: நசீர்

ஏமாற்றவில்லை அம்மா. ஒன்றோடொன்று ஒட்டியதை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். உங்கள் சட்டையில் வெளித்துணியும் தண்ணீரைத் தடுக்கும் சவ்வும் ஒட்டியிருக்கின்றன. வலைத்துணி சவ்வைக் காக்கத் தனியாகத் தொங்கும் லைனிங். 3 லேயரில் அந்த உள்துணியும் மெல்லிய பின்னலாகச் சவ்வோடு சேர்த்தே ஒட்டப்பட்டிருக்கும். உள்ளேயும் வெளியேயும் விரலால் பிடித்துத் தேய்த்துப் பாருங்கள். இரண்டும் தனித்தனியாக வழுக்கினால் 2 லேயர்.

ஆகவே ஒட்டுப்பலகை மாதிரி ‘ஒட்டு’ என்றே வைக்கலாம்: ஈரொட்டு, மூவொட்டு.

இனி அமுதாவின் இரண்டாவது கேள்வி. பூப்பள்ளத்தாக்கினுள் தங்க முடியாது. சுமார் 3,000 மீட்டர் உயரத்திலுள்ள காங்கரியாவில் தங்கி, காலையில் போய் மாலைக்குள் திரும்ப வேண்டும். மறுநாள் பலரும் 4,000 மீட்டருக்கு மேலுள்ள ஹேம்குண்டுக்கு ஏறுவார்கள். அதாவது மாலையில் நனைந்து வந்த சட்டையை விடியலில் மறுபடி போட வேண்டும். மழைநாளில் அறைக்குள்ளும் ஈரக்காற்றுதான். ஈரொட்டில் வியர்வையைக் குடித்த லைனிங் ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டாலும் காயாது. காலையில் சில்லென்று கையில் ஒட்டும். மூவொட்டை உள்ளேயும் வெளியேயும் ஒரு துண்டால் துடைத்தால் போட்டுக்கொள்ளும் அளவுக்கு வந்துவிடும்.

இன்னொன்று, தையல் மேல் ஒட்டிய நாடா. மூவொட்டில் அது உள்பக்கம் கண்ணுக்குத் தெரியும். ஓரம் கிளம்பினால் உடனே பிடித்துவிடலாம். ஈரொட்டில் அது லைனிங்குக்குப் பின்னால் மறைந்திருக்கும். தோள் நனைந்த பிறகுதான் தெரியவரும்.

குளிரில், நாள்கணக்கில், முதுகில் பையோடு போகிறவர் மூவொட்டுக்கு இரண்டு மடங்கு கொடுத்தாலும் தகும்.

அனுப்புநர்: குமரேசன்

சரி, அடுக்கை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘ஈரொட்டு’ என்றதும் ஈரம் ஒட்டுவது என்றுதான் என் காதில் விழுகிறது. நசீர் சொல்வதைப் பார்த்தால் அதுவும் பொருத்தம்தான் போல! ‘இரட்டையொட்டு’ தேவலை. அப்புறம், மூவொட்டு போட்டால் வியர்வை தானாக வெளியே போய்விடும், உள்ளே நனையவே நனையாது என்கிறார்களே. அதையும் கையேட்டில் சேர்க்கலாம்.

அனுப்புநர்: நசீர்

அதைச் சேர்க்காதீர்கள். உள்ளே ஆவி மிகுந்தும் வெளியே குறைந்தும் இருந்தால்தான் சவ்வு வழியே அது வெளியேறும். வெளித்துணியின் நீர்விலக்கிப் பூச்சு தேய்ந்து துணி தண்ணீர் குடித்துவிட்டால் எந்த ஒட்டும் மூச்சுவிடாது. அப்போது உள்ளே படிவது நம் வியர்வை. சட்டை ஒழுகுகிறது என்று திட்டுவோம். சந்தேகம் வந்தால் அந்த இடத்தை ஒரு வாளியின் வாயில் குழிவாக விரித்துத் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் கழித்து அடியில் தடவிப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஒழுக்கு இல்லை. துவைத்து, லேபிளில் சொன்ன சூட்டில் உலர்த்தினால் பூச்சு ஓரளவு திரும்பும். அக்குளில் ஜிப் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதும் உதவும்.

அனுப்புநர்: பத்மா

நான் போவது லோணாவலாப் பக்கம், ஜூலை மழையில் ஒருநாள் நடை. அப்போ நானும் மூவொட்டு வாங்க வேண்டுமா?

அனுப்புநர்: நசீர்

வேண்டாம் அம்மா. அங்கே வெதுவெதுப்பான மழை, காற்று முழுக்க ஈரம். எதைப் போட்டாலும் உள்ளிருந்து நனைவீர்கள். இருக்கும் சட்டையே போதும். காற்றில்லாத பாதையில் குடை அதைவிட நல்லது. வீட்டுக்கு வந்து காயவைக்கலாம், அவசரமில்லை.

அனுப்புநர்: அமுதா

‘மூவொட்டு’ உறுதி. மற்றதற்கு இப்போதைக்கு ‘இரட்டையொட்டு’ என்று எழுதுகிறேன். உள்துணியே இல்லாமல் சவ்வின் மேல் வெறும் பூச்சோடு வருகிறதே, 2.5 லேயர், அதை என்ன செய்ய?

அனுப்புநர்: குமரேசன்

இரண்டரையொட்டு? சொல்லவே வாய் வரவில்லை.

அனுப்புநர்: நசீர்

அந்தப் பூச்சு துணி அல்லவே, அதை ஏன் எண்ண வேண்டும்? ‘பூச்சு இரட்டையொட்டு’ என்று பார்க்கலாம். எனக்கும் முழுத் திருப்தியில்லை.