புதுப்பிப்பு: பதில் கிளம்பியது, வந்து சேரவில்லை

முன்பு நான் கேட்டது: “நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் பிடித்த ஸ்கிரீன்ஷாட்டில், இணைப்பைத் தொடங்கக் கேட்கும் SYN மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. சர்வர் செத்துவிட்டதா?”

உயிரோடுதான் இருக்கிறது. 0, 1, 3, 7 நொடிகளில் ஒரே போர்ட்டிலிருந்து ஒரே SYN, இரண்டாவதிலிருந்து மறுபடி அனுப்பியது என்று காட்டும் `[TCP Retransmission]` குறி. இடைவெளி இரட்டிப்பானதால், பதிலே வரவில்லை என்று புரிந்தது.

போர்ட் மூடியிருக்கும் அல்லது ஃபயர்வால் தடுக்கும் என்றார் ஒருவர். பாதி சரி, வெறுமனே மூடியிருந்தால் வழக்கமாக உடனே மறுப்பாக `RST` வந்திருக்கும்.

“சர்வர் பக்கமும் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பாருங்க” என்று ஒரு அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்தது. அங்கே SYN வந்திருந்தது. அதற்குப் பதிலான `SYN, ACK` கிளம்பியிருந்தது, அதுவும் திரும்பத் திரும்ப. அப்படியென்றால் தொலைந்தது திரும்பும் வழியில். ஃபயர்வாலா, ரூட்டிங்கா என்று இன்னும் தேடுகிறேன்.