‘வருவினாத் தாள்’ பொருந்துமா?

ராயபுரத்திலிருந்து:
காசிமேட்டு மீனவர் அமைப்பு ஒன்று ஐஸ் ஆலை தொடங்குகிறது. அறிவிப்புக்கான பன்னிரண்டு ஸ்லைடுகளை என்னிடம் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை செய்தியாளர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று ஊகித்து, செய்தித் தொடர்பாளருக்குப் பதில்களோடு ஒரு தாள் எழுத வேண்டும். அதற்குப் பெயர் என்ன? ‘வினாத்தாள்’ என்றால் பரீட்சை நினைவுதான் வருகிறது.

தண்டையார்பேட்டையிலிருந்து:
செய்தியாளர்கள் முன்கூட்டியே எழுதித் தரும் கேள்விகள்தானே? ‘முன்வினாப் பட்டியல்’ போதும். எங்கள் சங்க விழாவுக்கு அப்படி வாங்கினோம். வந்தவர்கள் அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

பெரம்பூரிலிருந்து:
இது நமக்கு நாமே கேட்டுக்கொள்வது. அவர்கள் தருவதில்லை. ஸ்லைடுகளில் ஒன்றோடொன்று இடிக்கும் இடங்களை முதலில் தேடுங்கள்.

ராயபுரத்திலிருந்து:
கிடைத்துவிட்டது. நான்காம் ஸ்லைடு நாளுக்கு 20 டன் என்கிறது. ஒன்பதாவது, ஆண்டுக்கு 5,000 டன். பெருக்கினால் 7,300 வருகிறது.

வியாசர்பாடியிலிருந்து:
ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அதையே பதிலாக எழுதிவிடுங்கள்.

பெரம்பூரிலிருந்து:
அதைக் கழித்தாலும் 304 நாள், 6,080 டன். மீதி 1,080 எங்கே என்று கேட்பார்கள். தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகும், அவற்றுக்கும் ஐஸ் வேண்டும். நாம் ஊகித்த காரணத்தைத் தொடர்பாளர் வாயில் வைத்தால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வார். ஆலைப் பொறியாளரைக் கேளுங்கள். தாளில் கேள்வியைச் செய்தியாளர் கேட்கும் தொனியிலேயே எழுதுங்கள்: ‘20 டன் என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, கணக்கு உதைக்கிறதே?’ மெருகேற்றிய கேள்விக்குப் பழகியவர் மேடையில் தடுமாறுவார். பதில் இரண்டு வாக்கியம், மூச்சு வாங்காமல் சொல்லும்படி. பக்கத்தில் ஸ்லைடு எண். உறுதியாகாத பதிலுக்கு, யார் எப்போது தருவார் என்று குறித்துவிடுங்கள். பெயருக்கு என் பரிந்துரை ‘வருவினா’. ஊறுகாய் போல வினைத்தொகை; வந்த, வருகின்ற, வரும் வினா எல்லாம் அதில் அடங்கும்.

வியாசர்பாடியிலிருந்து:
‘எதிர்வினா’ எளிமையாக இருக்கிறதே?

பெரம்பூரிலிருந்து:
அது கேட்டவரையே திருப்பிக் கேட்பது. தொடர்பாளர் செய்யக்கூடாத முதல் காரியம்!

ராயபுரத்திலிருந்து:
பொறியாளரைக் கேட்டேன். 20 டன் என்பது உச்சத் திறன். 5,000 என்பது முதலாண்டில் விற்க முடியும் என்று அவர்கள் போட்ட மதிப்பீடு. நான்காம் ஸ்லைடில் ‘அதிகபட்சம்’ என்றும் ஒன்பதாவதில் ‘முதலாண்டு மதிப்பீடு’ என்றும் சேர்க்கச் சொல்லிவிட்டேன். கேள்வியை மட்டும் தாளில் விட்டுவைத்திருக்கிறேன், பழைய ஸ்லைடு யார் கையிலாவது போயிருக்கலாம். பெயரில்தான் சிக்கல். ‘வருவினாத் தாளை எடுத்து வாருங்கள்’ என்று தொலைபேசியில் சொன்னேன். அலுவலகப் பையன் வருவாய்க் கணக்கோடு வந்து நின்றான்.

தண்டையார்பேட்டையிலிருந்து:
அதனால்தான் ‘முன்வினா’ என்றேன்.