புதுப்பிப்பு: கோவை–பிவண்டி லோடு, கான்ட்ராக்டா ஸ்பாட்டா?

நான் கேட்டிருந்தது: “கோவையிலிருந்து மும்பை பக்கத்துல இருக்கிற பிவண்டிக்கு வாரம் 6 முதல் 14 லாரி லோடு போகுது. அன்னன்னைக்குக் கிடைக்கிற வாடகைக்கு வண்டி எடுத்து ஸ்பாட்லயே ஓட்டலாமா, கான்ட்ராக்ட் போட்டு ஒருத்தருக்கே கொடுத்துடலாமா?”

மந்தமான வாரத்திலும் கண்டிப்பாகப் போகும் 6 லோடை மட்டும் ஒருவருக்கே கொடுத்தோம். மேலே வருவதெல்லாம் ஸ்பாட். காரணம், லாரி ஓட்டும் சங்ககிரி அண்ணன் பதிலில் எழுதியதுதான்: “லோடு நிச்சயம்னா பிவண்டியில இருந்து திரும்பி வர்றதுக்கான ரிட்டர்ன் லோடை முன்னாடியே பேசி வைப்பேன். வண்டி காத்துக் கிடக்காது, அதனால வாடகையைக் குறைக்க முடியும்.”

“கான்ட்ராக்ட் போட்டா வண்டி கண்டிப்பா வரும்” என்று ஒருவர் சொன்னது பாதிதான் சரி. தீபாவளிக்கு முன் ஸ்பாட் வாடகை ஏறியதும், “வண்டி பிரேக்டவுன்” என்று அடிக்கடி போன் வந்தது. இப்போது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: காலை 10 மணிக்குள் வண்டி வராவிட்டால் ஸ்பாட்டில் எடுப்போம், கூடுதல் தொகையை அவர் பில்லில் கழிப்போம். டீசல் செலவை வாடகையில் பாதியாக வைத்தோம். டீசல் 10% ஏறினால் வாடகை 5% ஏறும், இறங்கினாலும் அப்படியே.

சென்னைக்குள் டெம்போ வாடகை கேட்ட தம்பிக்கு: உள்ளூர் ஓட்டத்தில் ரிட்டர்ன் லோடு பேச்சே இல்லை, இந்தக் கணக்கு ஒத்துவராது.

அந்த 6-இல் 2 லோடை இன்னொருவருக்குப் பிரிக்கச் சொல்கிறார் எங்கள் அக்கவுண்டன்ட். பிரித்தால் ரேட் ஏறும் என்கிறார் அண்ணன். இன்னும் முடிவாகவில்லை.