கையால் போட்டால் 28.8 மி.மீ., நிரலில் 14.05 மி.மீ.: நியான் அயனிகளின் டிடெக்டர் இடைவெளியில் எது சரி?

கவின்

நியான்-20, நியான்-22 அயனிகளைப் பிரிக்கும் அமைப்பு ஒன்றுக்குக் கணக்குப் போடுகிறேன். இரண்டுக்கும் ஒற்றை நேர் மின்னூட்டம். 2000 வோல்ட்டில் முடுக்கி, ஒரு பிளவு வழியாக 0.20 டெஸ்லா காந்தப்புலத்துக்குள் செங்குத்தாக விடுகிறோம். அயனிகள் அரைவட்டம் அடித்து, பிளவு இருக்கும் அதே தளத்தில் வந்து விழும். இரண்டு டிடெக்டர்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதுதான் கேள்வி.

கையால் போட்டது: 2000 வோல்ட்டுக்கு வேகம் 1.39 × 10⁵ மீ/வி வந்தது. r = mv/(qB) என்பதில் போட்டால் நியான்-20க்கு ஆரம் 14.40 செ.மீ. நியான்-22 நிறையில் 10 சதவீதம் கூடுதல், அதனால் 15.84 செ.மீ. வித்தியாசம் 1.44 செ.மீ. விழும் இடம் விட்டத்தின் மறுமுனை என்பதால் இரண்டால் பெருக்கினால் 28.8 மி.மீ.

நிரலோ 14.05 மி.மீ. என்கிறது:

```python
r = []
for m in (m20, m22):
    v = sqrt(2*q*V/m)
    r.append(m*v/(q*B))
print(2*(r[1]-r[0])*1000)
```

கிட்டத்தட்ட பாதி. நிரலில் எங்கேயோ ஒரு 2 விட்டுப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன், ஆனால் கண்ணில் படவில்லை.

செல்வி

நிரலில் 2 இருக்கிறதே, கடைசி வரியைப் பாருங்கள். பிரச்சினை உங்கள் கைக்கணக்கில்தான். ஆர வித்தியாசமே இடைவெளி, அதை எதற்கு இரண்டால் பெருக்குகிறீர்கள்? அதை விட்டுவிட்டால் 14.4 வருகிறது. 14.05-க்கும் அதற்கும் உள்ள சின்ன வித்தியாசம் எண்களைச் சுருக்கியதால் வந்திருக்கும்.

கவின்

ஆனால் இரண்டு வட்டமும் ஒரே பிளவில்தானே தொடங்குகின்றன? ஒன்று 2r₁ தூரத்தில் விழும், மற்றது 2r₂ தூரத்தில். 2 இல்லாமல் எப்படி?

பரிதி

2 வேண்டும், அதில் கவின் சொல்வதுதான் சரி. கைக்கணக்கில் பிழை என்பதில் செல்வி சொல்வது சரி. பிழை இருக்கும் இடம்தான் வேறு.

1.39 × 10⁵ என்பது நியான்-20 இன் வேகம். நியான்-22க்கும் அதையே போட்டிருக்கிறீர்கள். இங்கே இரண்டு அயனிக்கும் பொதுவாக இருப்பது வேகம் அல்ல, ஆற்றல். இரண்டுமே 2000 வோல்ட்டைக் கடந்து வருகின்றன, அதனால் கனமானது கொஞ்சம் மெதுவாக, சுமார் 1.32 × 10⁵ மீ/வி வேகத்தில் வரும். நிறை கூடுவதால் ஆரம் பெரிதாகிறது, வேகம் குறைவதால் அதில் பாதி போய்விடுகிறது. v-ஐ நீக்கி எழுதினால்

r = √(2mV/q) / B

நிறைக்கு நேர் விகிதமாக அல்ல, நிறையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் ஆரம் கூடும். 14.40-ஐ √1.1 ஆல் பெருக்கினால் 15.10 செ.மீ. வித்தியாசம் 7.0 மி.மீ., அதன் இரு மடங்கு 14.05. நிரலில் v சுற்றுக்குள்ளேயே ஒவ்வொரு m-க்கும் தனியாகக் கணக்கிடப்படுவதால் அது தானாகச் சரியாக வந்துவிட்டது.

செல்வியின் 14.4 அருகில் வந்தது சுருக்கியதால் அல்ல. நிறை வித்தியாசம் சிறியதாக இருக்கும்போது வர்க்கமூலம் அந்தச் சதவீதத்தைப் பாதியாக்கும். வேகத்தில் தவறி, 2-ஐயும் விட்டுவிட்டால் இரண்டு பிழையும் ஒன்றையொன்று கிட்டத்தட்ட அடித்துவிடும். சந்தேகம் இருந்தால் ஹீலியம்-4, ஆக்சிஜன்-16 அயனிகளை இதே அமைப்பில் போட்டுப் பாருங்கள். ஆரங்கள் 6.44, 12.88 செ.மீ., இடைவெளி 12.9 செ.மீ. செல்வியின் வழியில் போனால் 19.3 செ.மீ. வரும். அங்கே தப்பிக்க முடியாது.

செல்வி

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் r = mv/(qB), வேகம் சமம் என்றுதான் நான் பார்த்த கணக்குகளில் எல்லாம் இருந்தது. அவை எல்லாமே தவறா?

பரிதி

இல்லை. அவற்றில் காந்தப்புலத்துக்கு முன்னால் வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் பகுதி ஒன்று இருந்திருக்கும்: குறுக்காக மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து, E/B வேகம் உள்ள அயனிகளை மட்டும் நேராக வெளியே விடும். பெயின்பிரிட்ஜ் அமைப்பு அப்படிப்பட்டது. அங்கே 28.8 சரியான விடை. கவின் சொன்னது டெம்ப்ஸ்டர் 1918-இல் அமைத்த வகை, முடுக்கும் மின்னழுத்தம் மட்டும் பொது. கேள்வியில் வோல்ட் தந்திருக்கிறார்களா, தேர்ப்பானின் E தந்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

முருகேசன்

எங்கள் கருவியில் 20 இல் உச்சம் இருக்க வேண்டியதை விட உயரமாக வருகிறது. இடைவெளியைத் தவறாக வைத்திருப்பதுதான் காரணமா? டிடெக்டரை நகர்த்திப் பார்த்தாலும் மாறவில்லை.

பரிதி

முருகேசன், அது இடைவெளி விவகாரம் இல்லை. பாதை m/q-ஐப் பார்க்கிறதே தவிர m-ஐ மட்டும் பார்ப்பதில்லை. இரட்டை மின்னூட்டம் பெற்ற ஆர்கான்-40, 20 இடத்திலேயே வந்து விழும். எங்கே நகர்த்தினாலும் கூடவே வரும். 40 இல் ஆர்கான் உச்சம் எவ்வளவு பெரிது என்று பாருங்கள், அது ஏறி இறங்கும்போது 20-உம் கூடவே ஏறி இறங்கினால் ஆள் அவர்தான். 22 இலும் இதே தொல்லை உண்டு, அங்கே இரட்டை மின்னூட்டம் பெற்ற கார்பன் டை ஆக்சைடு. எலக்ட்ரான் ஆற்றலைக் குறைத்தால் இரட்டை மின்னூட்ட அயனிகள் குறையும், கூடவே நியான் சமிக்ஞையும் குறையும்.

கவின்

புரிந்துவிட்டது. v-ஐ மாற்றிப் போட்டதும் கையிலும் 14.05 வந்தது. இன்னொன்று: டிடெக்டர் திறப்பு எவ்வளவு அகலம் வைக்கலாம்? நடுவே நியான்-21 வேறு இருக்கிறதே.

பரிதி

21 விழுவது 20 இலிருந்து 7.1 மி.மீ. தள்ளி. அதனால் 3 மி.மீ. வரை தாராளமாக வைக்கலாம். ஆனால் கற்றை கோடாக வராது. பிளவிலிருந்து இரு பக்கமும் 0.05 ரேடியன் விரிந்தால் விழும் இடம் rα² அளவு, இங்கே 0.36 மி.மீ., உள்பக்கமாகப் பரவும். அயனி மூலத்தில் 5 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேறுபாடு இருந்தால் இன்னொரு 0.36. பிளவின் அகலத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கவின்

அப்படியானால் இதே இரண்டு டிடெக்டர்களை நகர்த்தாமல், B-ஐ மட்டும் மாற்றி ஆர்கான்-36, 40 அளக்க முடியுமா? 36-ஐ முதல் டிடெக்டருக்குக் கொண்டுவந்தால் ஆரம் மறுபடி 14.40 தானே.

பரிதி

ஆரம் அதேதான், ஆனால் நிறை விகிதம் வேறு. √(40/36) வைத்துப் போட்டால் இடைவெளி 15.6 மி.மீ. உங்கள் இரண்டாவது டிடெக்டர் 14.05 இல் நிற்கிறது, ஒன்றரை மி.மீ. விலகல். 3 மி.மீ. திறப்பு என்றால் கற்றையின் நடுவே விளிம்பில் இடித்துவிடும்.

முருகேசன்

நாங்கள் ஒரே டிடெக்டரில் B-ஐத் தாவவிட்டு ஒவ்வொன்றாக அளக்கிறோம். இடைவெளிப் பிரச்சினையே இல்லை, ஆனால் வாயு குறைந்துகொண்டே போகும்போது இரண்டு அளவுக்கும் நடுவே நேரம் ஓடிவிடுகிறது.

பரிதி

அதுவும் ஒரு வழி. 5 மி.மீ. திறப்பாக்கி நிலையாக வைப்பதும் ஒரு வழி, 21 இன்னும் வெளியேதான் விழும். கவின், வாயுவின் அளவு எவ்வளவு, விகிதம் எவ்வளவு துல்லியமாக வேண்டும் என்று சொன்னால்தான் எது மேல் என்று பேச முடியும்.