40 இலட்சம் ஓடுதாம், வருமானம் 4 இலட்சமாம். மீதி எங்கே?

ஹட்டன்வாசி: சொந்தக்காரப் பையன் ஒருத்தன், நுவரெலியா மரக்கறியை கொழும்பு வீடுகளுக்கு விக்கிற ஆப் நடத்துறான். "போன மாசம் ஜிஎம்வி, அதாவது ஆப் வழியா ஓடின மொத்த யாவாரத் தொகை, 40 இலட்சம்"னு சொல்லி ஆளுக்கு 5 இலட்சம் போடச் சொல்றான். கணக்குத்தாளில வருமானம் 4 இலட்சத்து 20 ஆயிரம்தான் இருக்கு. மீதிக் காசு எங்க போச்சு?

நானுஓயா: எங்கேயும் போகலைங்க. 40 இலட்சத்துக்கு யாவாரம் நடந்திருக்கு, அதுதான் அந்த ஆப்போட அளவு. கடைக்காரர்கிட்ட கேட்டாலும் ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடுதுன்னுதானே சொல்லுவார்? தைரியமா போடுங்க.

பதுளைக் கணக்கு: தம்பி, கடைக்காரர் சரக்கைக் காசு கொடுத்து வாங்கி வைக்கிறார். அழுகினா அவருக்குத்தான் நட்டம். அதனால முழு விற்பனையும் அவர் வருமானம். இந்த ஆப் அப்படி இல்லை. கொழும்பு ஏலத்துல நம்ம தோட்டத்துத் தேயிலையை விக்கிற தரகர் மாதிரி. தேயிலை விலை முழுக்கத் தரகர் கை வழியாப் போனாலும் அவருடையது கழிவு மட்டும்தான்.

ஹட்டன்வாசி, தனிச்செய்தியில நீங்க அனுப்பின தாளைப் பார்த்தேன். 40 இலட்சம்ங்கிறது ஆர்டர் போட்ட தொகை. அதுல 5 இலட்சம் ரத்தானதும் திரும்பி வந்ததும். விநியோகமானது 35 இலட்சம். அதுல 12 வீதம் கொமிஷன், 4 இலட்சத்து 20 ஆயிரம். மிச்சம் 30 இலட்சத்து 80 ஆயிரம் விவசாயிகள் காசு, ஆப்போட வங்கிக்கணக்குல நாலு நாள் தங்கிட்டுப் போகுது, அவ்வளவுதான்.

வெலிமடை லீக்ஸ்: நான் வேற ஒரு ஆப்புக்குச் சரக்குக் குடுத்தேன். மழையில லொறி பிந்தி, 60 கிலோ லீக்ஸ் வாடிப் போச்சு. வாங்கினவங்க திருப்பிட்டாங்க. எனக்கு ஒரு சதமும் வரலை, கேட்டா "சரக்கு உங்களுது"ன்னாங்க. ஆனா அவங்க விளம்பரத்துல அந்த ஆர்டரையும் சேர்த்துத்தான் "இவ்வளவு விற்றோம்"னு போட்டாங்க. இது நியாயமா?

பதுளைக் கணக்கு: நியாயமில்லை தங்கச்சி. ஆனா நீங்க சொன்னதுதான் இந்தக் கேள்வியோட சாவி. வாடின நட்டம் உங்க தலையில விழுந்ததே, சரக்கு ஒரு நேரமும் ஆப்புக்குச் சொந்தமா இருக்கலைங்கிறதுக்கு அது ஒரு பெரிய அடையாளம். வருமானத்துக்கான இலங்கைக் கணக்கீட்டு நியமம், எஸ்.எல்.எப்.ஆர்.எஸ் 15, இதைத்தான் பார்க்கச் சொல்லுது: வாங்குறவர் கைக்குப் போகும் முன்னாடி சரக்கு யார் கட்டுப்பாட்டுல இருந்துச்சு, விலையை யார் வச்சா, கெட்டா யார் பொறுப்பு. இதே ஆப் கெப்பெட்டிபொல மரக்கறிச் சந்தையில காசு கொடுத்து வாங்கித் தன் குளிரறையில வச்சு வித்தா, அந்த விற்பனை முழுக்க அதோட வருமானம்தான்.

உலகத்துலயும் நடந்ததுதான். கடைகளோட தள்ளுபடிக் கூப்பனை இணையத்துல விக்கிற அமெரிக்கக் கம்பனி குரூப்பன் 2011ல பங்குச்சந்தைக்கு வரும்போது, 2010 வருமானத்தை 713 மில்லியன் டொலர்னு காட்டியிருந்துச்சு. கடைகளுக்குப் போற பங்கைக் கழிச்சுத் திருத்தினதும் 313 மில்லியன் ஆயிடுச்சு.

நானுஓயா: சரி அக்கா, ஏத்துக்கிறேன். அப்ப நிகர வருமானம்னா லொறி டிரைவர் சம்பளம், கார்ட் கட்டணம் எல்லாம் கழிச்சு மிஞ்சுறது, அப்படித்தானே?

பதுளைக் கணக்கு: இல்லை, அது இலாபம். கொமிஷன் 4 இலட்சத்து 20 ஆயிரம் வருமானம். சம்பளமும் கார்ட் கட்டணமும் அதுக்குக் கீழ செலவா வரும். கூப்பன்தான் சிக்கல். அந்த மாசம் ஆப் தன் கைக்காசுல 1 இலட்சத்து 20 ஆயிரத்துக்குத் தள்ளுபடி குடுத்திருக்கு. அதை வருமானத்துல இருந்தே கழிக்கணும்னு நான் சொல்லுவேன், அப்ப 3 இலட்சம்.

ஹட்டன்வாசி: முந்தின மாசத்துத் தாளும் இருக்கு அக்கா. ஆர்டர் 25 இலட்சம், விநியோகம் 23, கொமிஷன் 2 இலட்சத்து 76 ஆயிரம், கூப்பன் 10 ஆயிரம்.

பதுளைக் கணக்கு: அப்ப நிகரம் 2 இலட்சத்து 66 ஆயிரம். இப்பப் பாருங்க. ஒரே மாசத்துல ஜிஎம்வி 15 இலட்சம் ஏறியிருக்கு, கையில கூடினது 34 ஆயிரம். கூப்பன் பத்தாயிரத்துல இருந்து பன்னிரண்டு மடங்கு. ரத்தும் திரும்பினதும் 2ல இருந்து 5 இலட்சம். இந்த வளர்ச்சி காசு கொடுத்து வாங்கினது. கூப்பன் இல்லாத ஒரு மாசத்துக் கணக்கைக் கேளுங்க, விவசாயிகளுக்கு அனுப்பின தொகையை வங்கித்தாள்ல ஒத்துப் பாருங்க.

கண்டி தணிக்கை: கூப்பன் விசயத்துல அக்காவோட ஒத்துப்போக மாட்டேன். ஆப்போட வாடிக்கையாளர் கொமிஷன் குடுக்கிற விவசாயி. கூப்பன் போறது கொழும்புல வாங்குறவருக்கு. அவர் வாடிக்கையாளர் இல்லைன்னா அது விளம்பரச் செலவு, வருமானம் 4 இலட்சத்து 20 ஆயிரமாவே நிக்கலாம்.

பதுளைக் கணக்கு: வாங்குறவர்கிட்டயும் சேவைக்கட்டணம் எடுத்தா அவரும் வாடிக்கையாளர்தானே? அந்த ஆப் எடுக்குதான்னு தாள்ல தெளிவா இல்லை.

ஹட்டன்வாசி: ஞாயித்துக்கிழமை பையன் வீட்டுக்கு வர்றான். கூப்பன் இல்லாத மாசமும் சேவைக்கட்டணமும் கேட்டுட்டு இங்க போடுறேன்.

வெலிமடை லீக்ஸ்: வாடிப்போன சரக்குக்கு அந்தப் பையன் ஆப்ல யார் பொறுப்புன்னும் கேளுங்க அண்ணே.